ஜெயித்தது சரி, எப்படி ஜெயித்தார்கள்?

2010 ஜூன் 24 அன்று விம்பிள்டனின் 18-ஆம் எண் ஆடுகளத்தில் அமெரிக்காவின் ஜான் இஸ்னர், பிரான்சின் நிக்கோலா மஹூவை ஜெயித்தார். முதல் சுற்று ஆட்டம்தான். ஆனால் 22-ஆம் தேதி தொடங்கிய ஆட்டம் மூன்றாம் நாள்தான் முடிவுக்கு வந்தது. ஆடிய நேரம் மட்டும் 11 மணி 5 நிமிடம். கடைசி செட் 70-68. மறுநாளே இஸ்னர் இரண்டாம் சுற்றுக்கு இறங்கினார். நெதர்லாந்தின் தீமோ டி பாக்கரிடம் 0-6, 3-6, 2-6 என்று தோற்றார். அந்த ஆட்டம் 74 நிமிடத்தில் முடிந்துவிட்டது.

இரண்டு ஆட்டங்களுக்கும் ஆங்கிலத்தில் தலைப்பு போடச் சொன்னால், இரண்டுக்குமே 'பீட்' என்று எழுதலாம். ஒருவர் ஜெயித்தார், மற்றவர் தோற்றார் என்பது அதில் வந்துவிடும். ஆனால் ஆங்கில நாளிதழ்களின் விளையாட்டுப் பகுதியில் தலைப்பு போடுகிறவர்கள் பெரும்பாலும் அதோடு நிற்பதில்லை. முதல் ஆட்டத்துக்கு அவர்கள் கை போகும் சொல் 'அவுட்லாஸ்ட்'. எதிராளி தாங்கிய நேரத்தைவிட ஒரு நிமிடமாவது கூடுதலாகத் தாக்குப்பிடித்து ஜெயிப்பது என்று பொருள். இரண்டாவது ஆட்டத்துக்கு 'ரௌட்'. எதிராளி நிலைகுலைந்து சிதறும்படி தோற்கடிப்பது. இரண்டு சொற்களையும் இடம் மாற்றிப் போட்டால் இரண்டு தலைப்புமே பொய்யாகிவிடும்.

ஆங்கிலத்தில் இப்படி ஒரு பெருங்கூட்டமே உண்டு. 'எட்ஜ்', 'நிப்', 'பிப்' எல்லாம் மயிரிழை வெற்றிக்கு. 'த்ராஷ்', 'க்ரஷ்', 'ரௌட்' பெரிய வெற்றிக்கு. முன்னிலையில் இருந்தவர், பின்னால் துரத்தி வந்தவரைத் தடுத்து நிறுத்தி ஜெயித்தால் 'ஹோல்ட் ஆஃப்'. பின்தங்கிக் கிடந்தவர் எழுந்து வந்து ஜெயித்தால் 'ராலி'. எதிரணியை ஒரு கோல்கூட, ஒரு ரன்கூட எடுக்க விடாவிட்டால் 'பிளாங்க்'. தொடரின் எல்லா ஆட்டத்தையும் வாரிக்கொண்டால் 'ஸ்வீப்'. ஜெயிக்க மாட்டார் என்று ஊரே நினைத்தவர் ஜெயித்தால் 'அப்செட்' அல்லது 'ஸ்டன்'. எந்தச் சேதியும் கூடுதலாகச் சொல்லாமல் 'ஜெயித்தது' என்பதோடு நிற்பவை 'டாப்', 'டவுன்' போன்றவை.

அகராதியில் இவை எல்லாம் ஒரே பொருள் தரும் சொற்கள் போலத் தெரியும். விளையாட்டுப் பக்கத்தில் அப்படி இல்லை. ஒவ்வொன்றும் ஆட்டத்தைப் பற்றி ஒரு தகவலை உறுதியாகச் சொல்கிறது. அந்தத் தகவல் ஸ்கோர் அட்டையில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால், தலைப்பு மட்டும் படிக்கும் வாசகருக்குத் தவறான செய்தி போய்ச் சேருகிறது. இதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இஸ்னர்-மஹூ ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். செட் கணக்கு இது: 6-4, 3-6, 6-7, 7-6, 70-68. மொத்தம் 183 கேம். இஸ்னருக்கு 92, மஹூவுக்கு 91. முதல் நாள் நான்கு செட் முடிந்ததும் இருட்டிவிட்டது. இரண்டாம் நாள் முழுக்க ஐந்தாவது செட் மட்டுமே ஓடியது. களத்தோரம் இருந்த மின்னணு ஸ்கோர் பலகை 47-47-க்கு மேல் எண்ண முடியாமல் நின்றுபோனது. அதற்கு மேல் போகும் என்று யாரும் எதிர்பார்த்து அதைத் தயாரிக்கவில்லை. அன்று மறுபடி இருட்டியபோது கணக்கு 59-59. மூன்றாம் நாள் இன்னும் இருபது கேம் ஆடிய பிறகே முடிவு தெரிந்தது.

இப்போது தலைப்புச் சொல்லைத் தேடுவோம். 'எட்ஜ்' போடலாமா? வித்தியாசம் மிகச் சிறியது என்பதால் அது பொய் ஆகாது. ஆனால் இந்த ஆட்டத்தில் உலகமே வியந்தது வித்தியாசத்தைப் பார்த்தல்ல, நீளத்தைப் பார்த்து. 'எட்ஜ்' அந்த நீளத்தை விட்டுவிடுகிறது. 'அவுட்பிளே' போடலாமா? அதாவது, எதிராளியைவிடச் சிறப்பாக ஆடி ஜெயித்தார் என்று சொல்லலாமா? புள்ளிக்கணக்கைப் பார்த்தால் அந்த ஆசை போய்விடும். இஸ்னர் எடுத்தது 478 புள்ளி, மஹூ எடுத்தது 502. தோற்றவர்தான் 24 புள்ளி அதிகம் எடுத்திருக்கிறார். டென்னிஸில் எந்தப் புள்ளியை எப்போது எடுக்கிறோம் என்பதே முடிவைத் தீர்மானிக்கும் என்பதால் இது நடக்கக்கூடியதுதான். 'அப்செட்' போடலாமா? இஸ்னர் 23-ஆம் நிலை வீரர். மஹூ தகுதிச் சுற்று ஆடி உள்ளே வந்தவர். எதிர்பார்த்தவரே ஜெயித்ததால் அதற்கும் இடமில்லை. கடைசியில் எஞ்சுவது 'அவுட்லாஸ்ட்' ஒன்றுதான். யார் நன்றாக ஆடினார் என்று அது தீர்ப்பு சொல்வதில்லை. இருவரும் நின்றார்கள், ஒருவர் இன்னும் கொஞ்சம் கூடுதலாக நின்றார் என்பதை மட்டும் சொல்கிறது. நடந்ததும் அதுதான்.

அடுத்த நாள் ஆட்டத்துக்கு 'அப்செட்' என்று போட்டால் விதிப்படி சரி. தரவரிசை இல்லாத டி பாக்கர், தரவரிசை பெற்றவரைத் தோற்கடித்திருக்கிறார். ஆனாலும் அந்தச் சொல் வாசகரை ஏமாற்றும். முந்தைய மூன்று நாளும் அந்தக் கால்களைப் பார்த்தவர்கள் யாருக்கும் அந்த முடிவு அதிர்ச்சியாக இருந்திருக்காது. மஹூவுக்கு எதிராக 113 ஏஸ் அடித்த இஸ்னர், டி பாக்கருக்கு எதிராக ஒரு ஏஸ்கூட அடிக்கவில்லை. களைத்துப்போன ஒருவர் சரிந்து விழுந்த ஆட்டம் அது. 'ரௌட்' என்ற சொல்லில் அந்தச் சரிவு இருக்கிறது.

'ரௌட்' போர்க்களத்திலிருந்து வந்த சொல். 'உடைந்தது' என்று பொருள்படும் லத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அணிவகுப்பு உடைந்து, படைவீரர்கள் ஆயுதத்தைப் போட்டுவிட்டு ஆளுக்கொரு திசையில் ஓடுவதைக் குறித்தது. ஆகவே வெற்றியின் அளவு மட்டும் பெரிதாக இருந்தால் போதாது, தோற்றவர்களின் ஒழுங்கும் குலைந்திருக்க வேண்டும். 2014 ஜூலை 8 அன்று பெலோ ஒரிசான்டேயில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியைப் போல இதற்குப் பொருத்தமான ஆட்டம் வேறில்லை. ஜெர்மனி 7, பிரேசில் 1. அந்த 7-1-ஐவிட கோல் விழுந்த நிமிடங்களே கதையைச் சொல்கின்றன. முதல் கோல் 11-ஆவது நிமிடத்தில். அதுவரை சாதாரண ஆட்டம். பிறகு 23, 24, 26, 29 ஆகிய நிமிடங்களில் அடுத்தடுத்து நான்கு கோல். அந்தச் சில நிமிடங்களில் பிரேசிலின் தற்காப்பு வரிசை என்று ஒன்று களத்தில் இல்லவே இல்லை. படை உடைவது என்றால் இதுதான்.

இப்படிப்பட்ட ஆட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டிய சொல்லை, சாதாரண 3-0 ஆட்டத்துக்கெல்லாம் செலவழித்துவிட்டால் 7-1 வரும்போது கையில் ஒன்றும் இருக்காது. விளையாட்டுப் பக்கங்களில் அதிகம் நடக்கும் பிழை இது. சொல்லை உரக்கப் போட்டால் வாசகர் நின்று பார்ப்பார் என்ற ஆசையில் அளவு ஏறிக்கொண்டே போகிறது.

இத்தனை சொற்கள் ஏன் உண்டாயின என்ற கேள்விக்கு, பெரும்பகுதி விடை அச்சுப் பக்கத்தின் அகலத்தில் இருக்கிறது. ஒற்றைப் பத்தித் தலைப்பில் வரிக்குச் சுமார் ஒரு டஜன் எழுத்துதான் பிடிக்கும். அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களில் துணை ஆசிரியர்கள் ஒரு காலத்தில் தலைப்பை எழுத்தெழுத்தாக எண்ணினார்கள். எண்ணுவதற்கு ஒரு கணக்கும் இருந்தது. ஆங்கிலச் சிறிய எழுத்து ஒவ்வொன்றும் ஒன்று. ஒல்லியான ஐ, எல், டி, எஃப், ஜே ஆகியவை அரை. பருமனான எம், டபிள்யூ ஒன்றரை. இந்தக் கணக்கில் 'ரௌட்' என்ற ஆங்கிலச் சொல் மூன்றரை வரும். 'எட்ஜ்' நான்கு. அதே பொருளை நெருங்கி வரும் 'ஓவர்வெல்ம்' என்ற சொல்லோ ஒன்பதரை. இரண்டு அணிகளின் பெயரையும் போட்ட பிறகு ஒன்பதரைக்கு இடம் ஏது? அதனால்தான் பேச்சு வழக்கில் யாரும் சொல்லாத 'நிப்', 'டவுன்' போன்ற குட்டிச் சொற்கள் தலைப்புகளில் மட்டும் உயிர் வாழ்கின்றன.

இன்னொரு காரணம், ஒரே பக்கத்தில் விழும் முடிவுகளின் எண்ணிக்கை. அமெரிக்காவின் முதன்மை பேஸ்பால் போட்டியில் 30 அணிகள். எல்லா அணியும் ஆடும் நாளில் 15 ஆட்டம். பதினைந்து தலைப்பிலும் 'பீட்' என்று வந்தால் பக்கம் பார்க்கச் சகிக்காது என்று துணை ஆசிரியர் சொல்லை மாற்றிக்கொண்டே போவார். மாற்றத்துக்காக மாற்றும்போதுதான் சிக்கல் வருகிறது. ஒரே சொல் திரும்ப வரக் கூடாது என்பதற்காக வலிந்து வேறு சொல் தேடும் பழக்கத்தை, ஆங்கில உரைநடை வழக்குகளைத் தொகுத்த ஃபௌலர் 1926-ல் வெளியிட்ட தம் நூலில் கடுமையாகக் கண்டித்தார். அவர் சொன்னது எல்லா எழுத்துக்கும் பொருந்தும் என்றாலும், விளையாட்டுச் செய்தியில் அதனால் வரும் கேடு கூடுதல். இங்கே சொல் மாறினால் நடை மட்டும் மாறுவதில்லை, தகவலும் மாறுகிறது. இரண்டு ஆட்டம் ஒரே மாதிரி முடிந்திருந்தால் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடுவதில் குற்றமே இல்லை.

கிரிக்கெட்டில் இந்தப் பொருத்தம் பார்ப்பது இன்னும் கடினம். காரணம், வெற்றி வித்தியாசத்தைச் சொல்ல கிரிக்கெட்டில் இரண்டு அளவுகோல். முதலில் ஆடியவர் ஜெயித்தால் ரன் வித்தியாசம், துரத்தியவர் ஜெயித்தால் கையில் மிஞ்சிய விக்கெட். இரண்டாவது அளவுகோல் அடிக்கடி ஆளை ஏமாற்றும். 2022 அக்டோபர் 23 அன்று மெல்பர்னில் நடந்த டி20 உலகக் கோப்பை ஆட்டத்தில் இந்தியா பாகிஸ்தானை 4 விக்கெட் வித்தியாசத்தில் தோற்கடித்தது. இந்த ஒரு வரியை மட்டும் படித்தால் ஓரளவு சுலபமாக ஜெயித்தது போல இருக்கும். நடந்தது வேறு. 160 ரன் இலக்கை நோக்கிப் போன இந்தியா 31 ரன்னுக்கு 4 விக்கெட்டை இழந்தது. கோலி 53 பந்தில் 82 ரன் எடுத்து ஆட்டத்தை மீட்டார். கடைசி ஓவரில் 16 ரன் தேவை. கடைசிப் பந்தில் 2 ரன் தேவைப்பட்டபோது களத்துக்கு வந்தவர் நம் ரவிச்சந்திரன் அஸ்வின். கால் பக்கமாகப் போன பந்தை அவர் தொடாமல் விட, அது வைட் ஆனது. கணக்கு சமம். அடுத்த பந்தை மிட்-ஆஃப் தலைக்கு மேல் தூக்கி விட்டு ஓடினார். ஆட்டம் முடிந்தது.

நான்கு விக்கெட் கையில் இருந்தது உண்மை. ஆனால் ஒரு பந்துகூட மிச்சமில்லை. இங்கே 'எட்ஜ்' என்பதே சரியான சொல். துரத்திய ஆட்டத்தின் தலைப்பைச் சோதிக்க விரும்புகிறவர் விக்கெட்டைப் பார்க்க வேண்டாம், மிஞ்சிய பந்துகளைப் பார்க்கட்டும். 2023 செப்டம்பர் 17 அன்று கொழும்பில் ஆசியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இலங்கை 50 ரன்னுக்கு ஆட்டமிழந்தது. சிராஜ் ஒரே ஓவரில் 4 விக்கெட் எடுத்தார். 6.1 ஓவரில் இந்தியா இலக்கைத் தொட்டபோது 263 பந்து மிச்சம். இதற்கு 'ரௌட்' என்று போட யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ஆனால் கிரிக்கெட் தலைப்பில் 'எட்ஜ்' போடும்போது வேறொரு தொல்லையும் உண்டு. பந்து மட்டையின் விளிம்பில் பட்டுப் போவதற்கும் அதே சொல்தான். அணியின் பெயரோடு வந்தால் புரிந்துவிடும். ஆட்டக்காரர் பெயரோடு வந்தால் வாசகர் ஒரு நொடி தடுமாறுவார். இதைவிட விசித்திரமானது 'ஃபெல்'. மரத்தை வெட்டிச் சாய்ப்பதுபோல எதிராளியைச் சாய்ப்பதற்கும் அந்தச் சொல், விழுந்தான் என்ற இறந்தகாலத்துக்கும் அதே சொல். ஒன்று ஜெயித்தவருக்கு உரியது, மற்றது தோற்றவருக்கு உரியது. தலைப்பில் நிகழ்காலமே போடுவது என்ற மரபு இருப்பதால்தான் குழப்பம் கட்டுக்குள் நிற்கிறது. இன்னொரு ஜோடியும் இருக்கிறது. 'பெஸ்ட்', 'வொர்ஸ்ட்' என்றால் நல்லதிலும் கெட்டதிலும் உச்சம் என்று நமக்குத் தெரியும். இரண்டையும் வினையாகப் போட்டால் இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான்: தோற்கடிப்பது.

'அப்செட்' என்ற சொல்லைத் தனியாகப் பார்க்க வேண்டும். மற்ற சொற்களை ஸ்கோர் அட்டையை வைத்துச் சரிபார்த்துவிடலாம். இதற்கு ஆட்டம் தொடங்கும் முன் மக்கள் என்ன நினைத்திருந்தார்கள் என்பது தெரிய வேண்டும். 1983 ஜூன் 25 அன்று லார்ட்ஸில் இந்தியா 183 ரன் எடுத்தது. அதில் சென்னையின் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த் எடுத்த 38 ரன்தான் அந்த இறுதி ஆட்டத்தில் எவரும் எடுத்த அதிகபட்சம். வெஸ்ட் இண்டீஸ் 140 ரன்னில் ஆட்டமிழந்தது. வித்தியாசம் 43 ரன். 60 ஓவர் ஆட்டத்தில் அது மயிரிழையும் அல்ல, இமாலய வெற்றியும் அல்ல. அளவை மட்டும் பார்த்து வினைச்சொல் தேடினால் சாதாரணமாக 'பீட்' என்று போட்டு முடித்திருக்கலாம். அதற்கு முந்தைய இரண்டு உலகக் கோப்பைகளையும் வென்றிருந்த அணி தோற்றது என்பதுதான் அந்த முடிவை 'அப்செட்' ஆக்கியது.

இந்தச் சொல்லுக்கு ஒரு கதையும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் மேன் ஓ வார் என்று ஒரு பந்தயக் குதிரை. தன் வாழ்நாளில் ஒரே ஒரு பந்தயத்தில்தான் தோற்றது, 1919-ல், சரடோகாவில். அதைத் தோற்கடித்த குதிரையின் பெயர் அப்செட். எதிர்பாராத தோல்விக்கு அந்தச் சொல் அன்றுதான் வந்தது என்று பலரும் நம்புகிறார்கள். குதிரை, பந்தயம், தோல்வி எல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பொருளில் அந்தச் சொல் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பத்திரிகைகளிலேயே குதிரைப் பந்தயச் செய்திகளில் வந்திருக்கிறது. சொல் பழையது, பெயர்ப் பொருத்தம் அபூர்வமான தற்செயல்.

யாருமே புள்ளியில் ஜெயிக்காத ஆட்டத்துக்கு எந்தச் சொல்லைப் போடுவது? 1968 நவம்பர் 23 அன்று அமெரிக்காவின் ஹார்வர்ட், யேல் பல்கலைக்கழக அணிகள் அமெரிக்கக் கால்பந்தில் மோதின. அந்தப் பருவத்தில் இரண்டுமே அதுவரை தோற்காத அணிகள். ஆட்டம் முடிய 42 நொடி இருக்கும்போது யேல் 29-13 என்று முன்னிலை. அந்த 42 நொடியில் ஹார்வர்ட் 16 புள்ளி எடுத்து 29-29 என்று சமன் செய்தது. ஹார்வர்ட் மாணவர் நாளிதழான கிரிம்சன் போட்ட தலைப்பு: 'ஹார்வர்ட் பீட்ஸ் யேல் 29-29'. இருப்பதிலேயே எளிய வினைச்சொல், பக்கத்தில் சமமான இரண்டு எண்கள். எண்ணை மறைக்காமல் அப்படியே போட்டதால்தான் அந்தத் தலைப்பில் பொய் இல்லை. சமன் ஆன ஆட்டத்தை ஒரு தரப்பு வெற்றியாகவும் மறு தரப்பு தோல்வியாகவும் உணர்ந்த நாள் அது என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிடுகிறது.

2019 ஜூலை 14 அன்று லார்ட்ஸில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டம் இதற்கு நேர் எதிரான சங்கடம். நியூசிலாந்து 241, இங்கிலாந்து 241. சூப்பர் ஓவரில் இருவரும் 15. பவுண்டரிகள் அதிகம் அடித்தவர்கள் என்ற விதியின்படி கோப்பை இங்கிலாந்துக்குப் போனது. இந்த ஆட்டத்துக்கு 'எட்ஜ்' போட்டால், ஒரு ரன்னாவது கூடுதலாக எடுத்தார்கள் என்ற எண்ணம் வாசகருக்கு வரும். ஒரு ரன்கூடக் கூடுதல் இல்லை. 'பீட்' என்றால் இன்னும் மோசம். கோப்பையை வென்றது இங்கிலாந்து என்று எழுதிவிட்டு, நியூசிலாந்தைத் தோற்கடித்தது என்று எழுதாமல் விடுவதே என் பார்வையில் நேர்மையான வழி. அந்த ஆண்டே சர்வதேச கிரிக்கெட் கவுன்சில் பவுண்டரி விதியை நீக்கிவிட்டது.

நம் தமிழ் விளையாட்டுப் பக்கங்கள் வேறு மாதிரி இயங்குகின்றன. ஆங்கிலத்தில் எல்லாச் சுமையும் வினைச்சொல் தலையில். தமிழில் பெரும்பாலான தலைப்புகளில் வினையே இருப்பதில்லை. 'இந்தியா அபார வெற்றி', 'திரில் வெற்றி', 'போராடித் தோல்வி' என்று பெயர்ச்சொல்லோடு நின்றுவிடுகிறது. எப்படி என்பதை முன்னால் வரும் அடைமொழி சொல்கிறது. இதில் ஒரு வசதி உண்டு. ஜெயித்தவர் பெயரை மட்டும் போட்டு, தோற்றவர் பெயரைச் செய்திக்குள் தள்ளிவிடலாம். 'போராடித் தோல்வி' என்பதற்கு ஈடாக ஒரே சொல் ஆங்கிலத் தலைப்பில் சட்டென்று கிடைக்காது. தோற்றவரின் பக்கம் நின்று ஆட்டத்தைப் பார்க்கும் தலைப்பு அது. சொந்த அணி தோற்ற மறுநாள் காலையில் வாசகருக்கு வேண்டியதும் அதுதான்.

வினைச்சொல் போடும்போது தமிழிலும் நுட்பம் இருக்கிறது. 'சுருட்டியது' என்ற சொல்லைக் கவனியுங்கள். எதிரணியை முழுசாக, குறைந்த ரன்னுக்கு ஆட்டமிழக்கச் செய்தால்தான் அது பொருந்தும். பந்துவீச்சுக்கு உரிய சொல். கொழும்பில் இலங்கையை 50 ரன்னில் சுருட்டியது என்றால் துல்லியம். அதே சொல்லை, 250 ரன் இலக்கைச் சுலபமாகத் துரத்திப் பிடித்த ஆட்டத்துக்குப் போட்டால் எவரையும் எவரும் சுருட்டவில்லையே என்று கிரிக்கெட் தெரிந்த வாசகர் கேட்பார். 'பந்தாடியது' அப்படியல்ல. எதிராளியை நினைத்த பக்கமெல்லாம் அலைக்கழித்தால் எந்த விளையாட்டுக்கும் பொருந்தும். 'பழிதீர்த்தது' என்று எழுத வேண்டுமானால் அதே எதிராளியிடம் முன்பு தோற்றிருக்க வேண்டும். அந்தத் தோல்வி எப்போது, எங்கே என்பதைச் செய்தியின் முதல் பத்தியில் சொல்லியாக வேண்டும். சொல்ல முடியாவிட்டால் அந்தச் சொல்லை எடுத்துவிடுவது நல்லது.

நம் பக்கங்களிலும் அளவு ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. 'இமாலய', 'துவம்சம்', 'மரண அடி' என்ற சொற்கள் வாரத்துக்கு இரண்டு முறை வருகின்றன. 30 ரன் வித்தியாசத்துக்கு 'துவம்சம்' என்று படித்த வாசகர், 300 ரன் வித்தியாசம் வரும் நாளில் அதே சொல்லைப் பார்த்தால் என்ன புரிந்துகொள்வார்? விளையாட்டுச் செய்தியை ஆசையோடு படிப்பவர்களில் பலர் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள். அவர்களுக்குத் தலைப்புதான் முழுச் செய்தி.

விளையாட்டுப் பக்கத்தில் வேலை செய்யும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். தலைப்பில் சொல்லைப் போட்ட பிறகு, செய்தியின் முதல் இரண்டு பத்திக்குள் அந்தச் சொல்லுக்கு ஆதாரம் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். போராடி வென்றது என்றால் எந்த இடத்தில் போராட்டம், நூலிழையில் என்றால் எத்தனை பந்து மிச்சம், அதிர்ச்சி என்றால் யார் எதிர்பார்க்கவில்லை. ஒன்றும் அகப்படாவிட்டால் 'வென்றது' என்று மட்டும் போடுங்கள்.